ராக்வீட் அலர்ஜி இருக்கவங்க கேமோமில் டீ குடிக்கலாமா? டெஸ்ட் ரிப்போர்ட்ல இருந்து டீ கப் வரைக்கும்

என் தங்கச்சி அமெரிக்காவுல நியூஜெர்சியில இருக்கா. போய் மூணாவது வருஷத்துல இருந்து ஆகஸ்ட் பாதியில தும்மல் ஆரம்பிச்சிடும், அக்டோபர்ல பனி உறையுற வரைக்கும் மூக்கடைப்பு, கண் அரிப்பு, தொண்டையில ஒரு கரகரப்பு. டெஸ்ட் எடுத்தப்போ ராக்வீட்ங்கிற களைச்செடியோட மகரந்த அலர்ஜின்னு சொல்லி மாத்திரையும் மூக்கு ஸ்ப்ரேயும் குடுத்து அனுப்பிட்டாங்க. ஒரு செப்டம்பர் ராத்திரி, தூக்கம் வரலன்னு கடையில வாங்கின கேமோமில் டீ ஒரு கப் போட்டு குடிச்சிருக்கா. பத்து நிமிஷத்துல மேல் அண்ணம் அரிக்குது, காதுக்குள்ள அரிக்குது, உதடு லேசா தடிச்ச மாதிரி இருக்கு. சீசன்தான் இப்படி பண்ணுதுன்னு ஒரு அலர்ஜி மாத்திரை போட்டு படுத்துட்டா. அடுத்த வாரம் அதே டீ, இந்த தடவ வேகமா ஒரு நடை போயிட்டு வந்து குடிச்சிருக்கா. கால் மணி நேரத்துல உடம்பு பூரா தடிப்பு, ரெண்டு கண்ணும் வீங்கி மூடிக்கிச்சு, வாந்தி, குரல் கம்மிப்போச்சு. மாப்பிள்ளை 911 கூப்பிட்டு, ஆம்புலன்ஸ்ல வந்தவங்க எபிநெஃப்ரின் ஊசி போட்டதுக்கு அப்புறம்தான் மூச்சு சரியாச்சு.

நான் பல வருஷமா மருந்துக்கடையில நிக்கிறவன். முதல் தடவ உதடு தடிச்சத மறுநாள் போன்ல சொன்னப்போ நானும் "சீசன் முடிஞ்சா சரியாயிடும்மா"ன்னுதான் சொன்னேன். அது தப்பு. அன்னிக்கே சரியான ரெண்டு கேள்வி கேட்டிருந்தா ரெண்டாவது கப் நடந்திருக்காது. அதனாலதான் இத விரிவா எழுதுறேன், அமெரிக்கா கனடா பக்கம் இருக்க நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு இது உதவும்.

முதல்ல, ஏன் இது நடக்குதுன்னு புரிஞ்சுக்கங்க

ராக்வீட், கேமோமில், மக்வர்ட்ங்கிற இன்னொரு களைச்செடி, சூரியகாந்தி, நம்ம சாமந்தி, எல்லாமே ஒரே குடும்பம், சூரியகாந்திக் குடும்பம்னு சொல்லுவாங்க. ஆனா ராக்வீட் பூ பாத்தா பூ மாதிரியே இருக்காது, ரோட்டோரத்துலயும் காலி மனையிலயும் பச்சையா ஒரு கதிர் நீட்டிட்டு நிக்கும். அதோட மகரந்தம் காத்துல பறக்கிறதுக்குன்னே உண்டானது. கேமோமில் அப்படி இல்ல, அது பூச்சி வந்து எடுத்துட்டு போற பூ, மகரந்தம் பிசுபிசுன்னு கனமா இருக்கும், காத்துல பெருசா பறக்காது. அதனால கேமோமில் மகரந்தம் நம்ம மூக்குக்குள்ள போய் அலர்ஜி உண்டாக்கினதா இருக்க வாய்ப்பு கம்மி. நடக்குறது என்னன்னா, காத்துல வந்த இன்னொரு செடியோட மகரந்தத்துக்கு உடம்பு ஏற்கனவே ஐஜிஈங்கிற அலர்ஜி ஆன்டிபாடி செஞ்சு வெச்சிருக்கு, கேமோமில்ல அதே மாதிரி உருவம் உள்ள புரதம் இருக்கு, ஆன்டிபாடிக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாம பாய்ஞ்சிடுது. குறுக்கு எதிர்வினைன்னு சொல்றது இதத்தான்.

"சரி, டீயில எங்க மகரந்தம் இருக்கு, வெறும் காஞ்ச பூதானே"ன்னு கேப்பீங்க. ஒரு கேமோமில் டீ பையை கத்தரிச்சு வெள்ளைப் பேப்பர்ல கொட்டிப் பாருங்க (அலர்ஜி இருக்கவங்க செய்யாதீங்க, வீட்டுல வேற யாராவது செய்யட்டும், தூசி பறக்கும்). வெள்ளை இதழ் துண்டு கொஞ்சமா இருக்கும், மிச்சமெல்லாம் ரவை மாதிரி மஞ்சளா பொடிப்பொடியா இருக்கும். அந்த மஞ்சள் ஒவ்வொண்ணும் ஒரு குட்டிப் பூ, பூவோட நடுவுல குவிஞ்சு இருக்குமே அது உதிர்ந்தது. மகரந்தம் அங்கதான் இருக்கு. நாம குடிக்கிறது இலைக் கஷாயம் இல்ல, மகரந்தத்தோட சேர்ந்த பூக் கஷாயம். வெந்நீர் ஊத்தினா எல்லாம் செத்துடும்னு நம்பாதீங்க, பதிவான கேஸ் பலதும் சூடா போட்ட டீயிலதான் வந்திருக்கு.

இதனாலதான் முதல் கப்புலயே ஆபத்து வரலாம். 1989ல ஸ்பெயின் டாக்டர்கள் ஒரு 8 வயசு பையன் கேஸ் வெளியிட்டாங்க. அவனுக்கு புல், ஆலிவ், மக்வர்ட் மகரந்தத்தால சளிக்காய்ச்சல் மாதிரி அலர்ஜியும் ஆஸ்துமாவும் இருந்துச்சு. வாழ்க்கையில முதல் தடவையா கேமோமில் டீ குடிச்சதும் கடுமையான அனாஃபிலாக்ஸிஸ், அதாவது உடம்பு பூரா பரவி உயிருக்கே ஆபத்தாகிற அலர்ஜி. அவனோட ரத்தத்த வெச்சு சோதிச்சப்போ கேமோமில் டீ, கேமோமில் மகரந்தம், ஜெயன்ட் ராக்வீட், மக்வர்ட் எல்லாத்துக்கும் நடுவுல குறுக்கு எதிர்வினை இருக்கிறது தெரிஞ்சுது. "இதுக்கு முன்னாடி குடிச்சதே இல்லையே, எப்படி அலர்ஜி வரும்"ங்கிற கேள்விக்கு அந்தப் பையன்தான் பதில்.

அடுத்தது, ரிப்போர்ட்ட எடுத்து மக்வர்ட் வரியத் தேடுங்க

எல்லாரும் "ராக்வீட் அலர்ஜி இருந்தா கேமோமில் வேண்டாம்"னு ஒரே வரியில எழுதிட்டுப் போயிடுறாங்க, டீ பாக்கெட்டுலயும் சில சமயம் அப்படித்தான் போட்டிருக்கும். அது தப்பில்ல, ஆனா பாதிதான். ஒரே குடும்பம்னாலும் அதுக்குள்ள கிளை இருக்கு, நம்ம வீட்டு பெரியப்பா பிள்ளைங்க, தூரத்து சொந்தம் மாதிரி. ராக்வீட் இருக்கிறது சூரியகாந்தி கிளையில. கேமோமில் இருக்கிறது சாமந்தி கிளையில, மக்வர்ட்டும் அங்கதான். அதாவது கேமோமிலுக்கு ராக்வீட் தூரத்து சொந்தம், மக்வர்ட்தான் நெருங்கின பங்காளி.

ஆஸ்திரியாவுல செஞ்சு 2000ல வெளியான ஒரு ஆய்வு இதைத்தான் காட்டுது. கேமோமில் டெஸ்ட் பாசிட்டிவா இருந்த 14 பேர எடுத்தாங்க, 10 பேருக்கு நிஜமாவே கேமோமில் பட்டு உடனடி அலர்ஜி வந்திருந்துச்சு. அந்த 14 பேர்ல 11 பேருக்கு மக்வர்ட்டும் பாசிட்டிவ், 8 பேருக்கு பர்ச் மர மகரந்தமும் பாசிட்டிவ். ஐரோப்பாவுல மக்வர்ட்டும் பர்ச்சும் அதிகம்ங்கிறதையும் மனசுல வெச்சுக்கணும், ஆனா அமெரிக்காவோட கிழக்குப் பக்கத்துலயும் மக்வர்ட் வேலியோரமெல்லாம் மண்டிக் கிடக்கு, அதுவும் கோடைக் கடைசியில ராக்வீட் பூக்கிற நேரத்தை ஒட்டித்தான் பூக்குது. செப்டம்பர்ல தும்மினா ராக்வீட்டுன்னு முடிவு பண்ணிடுறோம், கூடவே மக்வர்ட்டும் இருக்கலாம்.

என் தங்கச்சி விஷயத்துல அதுதான் நடந்துச்சு. பழைய ரிப்போர்ட்ட வாட்ஸ்ஆப்ல அனுப்பச் சொல்லி பாத்தேன். ராக்வீட் வரி தடித்த எழுத்துல இருக்கு, ஏழு வரி தள்ளி மக்வர்ட்டும் கிட்டத்தட்ட அதே அளவு பாசிட்டிவ். அத யாரும் அவகிட்ட வாயைத் திறந்து சொல்லவே இல்ல. எனக்கு இன்னிக்கும் அதுல வருத்தம் உண்டு.

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுன்னா பேரு பக்கத்துல பெரும்பாலும் ஒரு குறியீடு இருக்கும். w1 சாதாரண ராக்வீட், w6 மக்வர்ட், w206 கேமோமில். w206 வழக்கமான பட்டியல்ல இருக்காது, தனியா கேட்டாத்தான் செய்வாங்க. தோல்ல குத்திப் பாக்கிற டெஸ்ட்னா, எதுவும் கலக்காத துளி போட்ட இடத்த விட 3 மில்லிமீட்டர் பெரிய தடிப்பு வந்தா பாசிட்டிவ்னு எடுத்துக்குவாங்க. இந்த டெஸ்ட்டுக்கு முன்னாடி செட்ரிசின் மாதிரி அலர்ஜி மாத்திரைய ஒரு வாரம் நிறுத்தணும், இல்லன்னா தடிப்பே வராம எல்லாம் நெகட்டிவ்னு பொய் சொல்லிடும். எத்தனை நாள்னு டாக்டர் சொல்றபடி செய்யுங்க.

ஒரு விஷயம், பாசிட்டிவ்னா ஆன்டிபாடி இருக்குன்னு மட்டும்தான் அர்த்தம், குடிச்சா கண்டிப்பா ஏதாவது ஆகும்னு அர்த்தம் இல்ல. ராக்வீட் பாசிட்டிவா இருந்தும் வருஷக்கணக்கா கேமோமில் குடிச்சிட்டு எந்தத் தொந்தரவும் இல்லாம இருக்கவங்க நிறைய பேர் இருக்காங்க, கடுமையான ரியாக்‌ஷன் அரிதுதான். அதனால ரிப்போர்ட்ட தனியா படிக்காதீங்க, உங்க கதையோட சேர்த்துப் படிங்க.

உங்க கதையை நீங்களே எழுதிப் பாருங்க

நான் அன்னிக்கு கேக்காம விட்ட ரெண்டு கேள்வி இதுதான். என்ன சாப்பிட்ட, எவ்வளவு நேரத்துல ஆரம்பிச்சுது?

ஐஜிஈ வகை அலர்ஜி நிமிஷத்துல ஆரம்பிக்கும், பொதுவா ரெண்டு மணி நேரத்துக்குள்ள. வாய், அண்ணம், காது அரிப்பு, உதடு தடிப்பு, உடம்புல தடிப்பு, வயித்து வலி, இருமல். இதுல ஒண்ணாவது கேமோமில் குடிச்சதுக்கப்புறம் வந்திருந்தா, "சும்மா வாய் அரிச்சுது"ன்னாலும் சரி, அதுக்கப்புறம் ஒரு வாய் கூட குடிக்காதீங்க, டாக்டர பாருங்க. அன்னிக்கு வாய் அரிப்போட நின்னது அடுத்த தடவயும் அங்கயே நிக்கும்னு எந்த உத்தரவாதமும் இல்ல. குடிச்ச பிறகோ முன்னாடியோ வேகமா நடந்தது, உடற்பயிற்சி, இபுப்ரோஃபன் மாதிரி வலி மாத்திரை, மது, அடங்காத ஆஸ்துமா, மகரந்த சீசனோட உச்சம், இதெல்லாம் சேர்ந்தா அதே கப் பெருசா வெடிக்கலாம். தங்கச்சிக்கு முதல் கப்புக்கும் ரெண்டாவது கப்புக்கும் நடுவுல இருந்த வித்தியாசம் அந்த நடைதான்னு டாக்டர் சந்தேகப்பட்டாரு.

இன்னொரு வகை இருக்கு, அதையும் இதையும் குழப்பிக்காதீங்க. கேமோமில் க்ரீமோ எண்ணெயோ தடவி ஒரு நாள் ரெண்டு நாள் கழிச்சு, தடவின இடத்துல சிவந்து, அரிச்சு, தோல் உரியுதுன்னா அது தொடு ஒவ்வாமை. அதுல ஐஜிஈக்கு வேலை இல்ல, இந்தக் குடும்பச் செடிகள்ல இருக்க செஸ்குவிடெர்பீன் லாக்டோன்ங்கிற வேதிப்பொருள்தான் பெரும்பாலும் காரணம். அதுக்கு முதுகுல ஒட்டு போட்டு ரெண்டு மூணு நாள் கழிச்சுப் பாக்கிற பேட்ச் டெஸ்ட்தான் எடுக்கணும், ரத்தப் பரிசோதனையில தெரியாது. நம்ம ஊர்ல பார்த்தீனியம் செடியால முகம், கண் இமை, கழுத்தெல்லாம் கருத்து தடிச்சுப் போறவங்கள பாத்திருப்பீங்களே, அது இந்த வகைதான். பார்த்தீனியம் ராக்வீட்டோட ரொம்ப நெருங்கின சொந்தம், ரெண்டோட மகரந்தத்துக்கும் குறுக்கு எதிர்வினை இருக்குன்னு நம்ம நாட்டு ஆய்வாளர்களே காட்டியிருக்காங்க. அதனால ஊர்ல பார்த்தீனியத்தால தும்மினவங்க அமெரிக்கா வந்ததும் ராக்வீட்டுக்கும் தும்மினா ஆச்சரியப்பட ஒண்ணும் இல்ல, டாக்டர்கிட்ட அதையும் சேர்த்துச் சொல்லுங்க.

கேமோமில் எங்கெல்லாம் ஒளிஞ்சிருக்குன்னு பாருங்க

கேமோமில்னு பெருசா போட்ட டப்பா பிரச்சனை இல்ல, அது தெரிஞ்சிடும். தூக்கத்துக்கான மூலிகை டீ கலவை, குழந்தைங்க வயித்து வலிக்குன்னு விக்கிற சொட்டு மருந்து, பேபி லோஷன், ஈரத் துடைப்பான், முடியை பொன்னிறமாக்குற ஷாம்பு, இதுலதான் சின்ன எழுத்துல இருக்கும். மெட்ரிகேரியா, கேமோமில்லா, கேமமீலம், ரோமன் கேமோமில், அந்தெமிஸ் நோபிலிஸ்னு பல பேர்ல வரும். யுனானி கடையில பாபூனா, நம்ம பக்கம் சீமைச் சாமந்தி. ஆவியில வடிச்ச எண்ணெயில புரதம் கிட்டத்தட்ட வராது, அதனால உடனடி அலர்ஜி வாய்ப்பு டீயை விட கம்மி, ஆனா தொடு ஒவ்வாமை வரலாம்.

கண்ணு விஷயம் தனியா சொல்லணும். கண் சிவந்திருக்கு, ஆறின கேமோமில் டீயில கழுவுங்கன்னு ஒரு கைவைத்தியம் ஐரோப்பாவுல பழசு, இப்ப வீடியோ வழியா நம்ம வீட்டுக்கும் வந்திடுச்சு. 1990ல ஸ்பெயின்ல இப்படி கண் கழுவி கண் அழற்சி வந்த 7 பேரோட விவரம் வெளியாச்சு, எல்லாரும் மகரந்த அலர்ஜிக்காரங்க, அதுல ரெண்டு பேருக்கு இமையே வீங்கிடுச்சு. மகரந்தத்தால சிவந்த கண்ணை மகரந்தத் தண்ணியால கழுவினா வேற என்ன ஆகும். செஞ்சுடாதீங்க, உப்புக் கரைசல் கண் சொட்டு போதும்.

மத்த மூலிகையில எது எவ்வளவு தூரம்

இங்க இணையத்துல ஐம்பது செடிப் பேரு கொண்ட பட்டியல் சுத்துது, அதப் பாத்து பயந்து லெட்டூஸ் கீரை கூட சாப்பிடாம விட்டவங்கள பாத்திருக்கேன். அது தேவையில்ல. குடும்பம் ஒண்ணுங்கிறதுக்காக ஒண்ணை விலக்காதீங்க, எந்தப் பாகம் சாப்பிடுறோம், எந்தக் கிளை, மூணாவதா உங்க உடம்பு இதுக்கு முன்னாடி என்ன சொல்லியிருக்கு, இத வெச்சு முடிவு பண்ணுங்க.

கேமோமில் ஒத்துக்கலன்னு உறுதியானவங்க, சாமந்தி கிளையில பூவா உள்ள போறது எல்லாத்தையும் டாக்டர கேக்காம தொடாதீங்க: சீனக் கடையில கிடைக்கிற சாமந்திப்பூ டீ, தலைவலிக்கு விக்கிற ஃபீவர்ஃப்யூ, 'யாரோ'ங்கிற பேர்ல வர்ற மூலிகை, மக்வர்ட், வர்ம்வுட். நம்ம மாசிப்பத்திரியும் மரிக்கொழுந்தும் மக்வர்ட்டோட உடன்பிறப்புங்க, மரிக்கொழுந்து மாலைய மூக்குகிட்ட வெச்சு முகர்றது வேணாமே. சளிக்குன்னு விக்கிற எகினேசியா ராக்வீட் பக்கத்து கிளை, அதுக்கும் அனாஃபிலாக்ஸிஸ் ஆஸ்திரேலியாவுல பதிவாகியிருக்கு, அலர்ஜி உடம்புக்காரங்களுக்கு அது தேவையே இல்லாத ரிஸ்க்னுதான் நான் சொல்லுவேன். பூந்தேன் மகரந்த உருண்டைன்னு ஹெல்த் கடையில விக்குறாங்களே, தேனீ சேர்த்த மகரந்தம், அத தொடவே தொடாதீங்க, அதுல எந்தப் பூவோடது இருக்குன்னு யாருக்கும் தெரியாது.

மக்வர்ட் பாசிட்டிவா இருக்கவங்க சமையலறையையும் ஒரு தடவ நினைச்சுப் பாக்கணும். செலரி, கேரட், அப்புறம் சோம்பு, சீரகம், கொத்தமல்லி விதை, இதெல்லாம் வேற குடும்பம்தான், ஆனா மக்வர்ட் ஆன்டிபாடியோட சிலருக்கு ஒத்துப் போயிடும். ராக்வீட் பக்கம் போனா வாழைப்பழம், முலாம்பழம், தர்பூசணி, வெள்ளரி, இதுல சிலருக்கு வாய் அரிக்கும். தொந்தரவு இல்லாம சாப்பிடுறத நிறுத்த வேண்டாம். ரசம் குடிச்சா வாய் அரிக்குதுன்னா மட்டும் குறிச்சு வெச்சுக்கங்க.

டாக்டர்கிட்ட எப்படி உறுதி பண்றது

வீட்டுல ஒரு சொட்டு நாக்குல வெச்சுப் பாக்கலாமான்னு கேக்காதவங்களே இல்ல. வேண்டவே வேண்டாம். ரியாக்‌ஷன் ஆன அதே டீ பாக்கெட்ட மூடி போட்டு பத்திரமா எடுத்துட்டுப் போங்க, சில டாக்டர்கள் அந்த டீயையே ஊற வெச்சு தோல்ல குத்திப் பாப்பாங்க, கடையில வர்ற சாறு மருந்தை விட அது சில சமயம் தெளிவா சொல்லும். பெரிய ரியாக்‌ஷன் ஆன உடனே எடுத்தா தோல் கொஞ்ச நாள் சோர்ந்து போயிருக்கும், டெஸ்ட் பொய்யா நெகட்டிவ் காட்டலாம், அதனால 4ல இருந்து 6 வாரம் விட்டு எடுப்பாங்க. ராக்வீட்டும் மக்வர்ட்டும் ரெண்டும் பாசிட்டிவ்னா எது நிஜம், எது நிழல்னு பிரிக்க, ஆம்ப் ஏ 1 (ராக்வீட்டோட முக்கிய புரதம்), ஆர்ட் வி 1 (மக்வர்ட்டோடது) ரெண்டையும் தனித்தனியா ரத்தத்துல பாக்கச் சொல்லிக் கேளுங்க.

தங்கச்சிக்கு ஆறு வாரம் கழிச்சு எடுத்தாங்க. ராக்வீட் பெருசு, மக்வர்ட் அத விட கொஞ்சம் பெருசு, அவ கொண்டு போன டீத் துளி போட்ட இடத்துல அரை மணி கூட ஆகல, கொசு கடிச்சு வீங்கின மாதிரி ஓரத்துல கால் நீட்டிட்டு ஒரு தடிப்பு. எகினேசியா நெகட்டிவ். சூரியகாந்தி விதை எப்பவும் சாப்பிட்டுட்டு இருக்கா, அதுல ஒண்ணும் இல்ல, அத நிறுத்தச் சொல்லல.

ரியாக்‌ஷன் வந்துட்டா

தடிப்பு, அரிப்பு மட்டும்னா அலர்ஜி மாத்திரை போட்டு, தனியா விடாம யாராவது பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கணும், தூங்கப் போகக் கூடாது. குரல் கம்முறது, தொண்டை இறுகுறது, மூச்சு இரைப்பு, தலைசுத்தல் மயக்கம், இல்ல தடிப்போட சேர்ந்து வாந்தி, இதுல எது வந்தாலும் அது அனாஃபிலாக்ஸிஸ். அப்ப மாத்திரை காப்பாத்தாது, அது அரிப்பை அடக்கும், தொண்டை வீக்கத்தையும் பிரஷர் விழறதையும் தடுக்காது. எபிநெஃப்ரின் பேனா இருந்தா உடனே தொடையோட வெளிப்பக்கம், துணி மேலயே குத்துங்க. பெரியவங்களுக்கு 0.3 மில்லிகிராம், 15ல இருந்து 30 கிலோ வரைக்கும் இருக்க குழந்தைக்கு 0.15. அமெரிக்கா கனடான்னா 911, இந்தியான்னா 108. படுக்க வெச்சு காலை உயர்த்துங்க, மூச்சு திணறினா உக்காத்தி வையுங்க, திடீர்னு எழுந்து நிக்க விடாதீங்க. 5ல இருந்து 15 நிமிஷத்துல சரியாகலன்னா ரெண்டாவது பேனா. சரியாயிட்டாலும் ஆஸ்பத்திரி போகணும், சில மணி நேரம் கழிச்சு திரும்ப வரலாம்.

கடைசியா, ஆஸ்பத்திரி ஃபைல்ல எழுத வையுங்க

அலர்ஜி இருக்கான்னு கேக்கிற இடத்துல எல்லாரும் பென்சிலின், வேர்க்கடலைன்னு சொல்லுவாங்க, ஒரு டீயை யாரும் சொல்ல மாட்டாங்க. ஆனா 1998ல ஆஸ்திரிய டாக்டர்கள் எழுதின ஒரு கேஸ் இருக்கு. பிரசவ வலியில இருந்த ஒரு பெண்ணுக்கு கேமோமில் கலந்த எனிமா குடுத்திருக்காங்க, அவங்களுக்கு அனாஃபிலாக்ஸிஸ் ஆகி, குழந்தை இறந்துபோச்சு. அத படிச்சதுக்கப்புறம் நான் தங்கச்சிக்கு போன் பண்ணி, குடும்ப டாக்டர், பல் டாக்டர், பக்கத்து பார்மசி மூணு இடத்துலயும் "கேமோமில், அனாஃபிலாக்ஸிஸ்"னு ஃபைல்ல ஏத்தச் சொன்னேன். பல் டாக்டர்கிட்ட சொன்னப்போ அந்த ரிசப்ஷன் பொண்ணு அலமாரியில இருந்த மவுத்வாஷ் பாட்டிலை திருப்பிப் பாத்திருக்கு. பின்னாடி பட்டியல்ல நாலாவதா இருந்துச்சாம், கேமோமில் சாறு.